சீனிக்காரமா, ஆப்பச் சோடாவா: கக்கம் சொன்ன தீர்ப்பு

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள் நான். உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் மூக்குக்கு நேராக நம் கக்கம் இருக்கும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. காற்றில் ஈரம் குறைவதே இல்லை, வேர்வை காய்வதும் இல்லை. கடையில் வாங்கிய ஸ்ப்ரேயின் வாசனை எனக்குத் தலைவலி கொடுத்ததால், வீட்டிலேயே கிடைக்கிற மூன்று பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்: ஆப்பச் சோடா, தேங்காய் எண்ணெய், சீனிக்காரம் என்று எங்கள் பக்கம் சொல்கிற படிகாரம்.

இப்போது படிகாரத்தில் நிற்கிறேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. நாற்றத்தை அடக்குவதில் சோடாவும் கிட்டத்தட்ட அதற்குச் சமம்தான். வித்தியாசம் தோலில். அதுவும் முதல் வாரத்தில் தெரியாத வித்தியாசம்.

வேர்வைக்கு என்று பெரிய நாற்றம் கிடையாது. கக்கத்தில் வாழும் பாக்டீரியா அதைத் தின்று கழிக்கிற அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும்தான் நாறுகின்றன. சோடா அந்த அமிலங்களைச் செயலிழக்க வைக்கிறது. படிகாரம் பாக்டீரியா பெருகுவதை மட்டுப்படுத்துகிறது, தோலையும் கொஞ்சம் இறுக்குகிறது. தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்ட லாரிக் அமிலம் என்பதால் அதுவும் பாக்டீரியாவைக் கொல்லும் என்பார்கள். ஆனால் எண்ணெய்க்குள் அது பெரும்பாலும் கிளிசரினோடு பிணைந்துதான் கிடக்கிறது. தனியாகப் பிரிந்த லாரிக் அமிலத்தின் வீரியத்தை முழு எண்ணெயிடம் எதிர்பார்க்க முடியாது.

முதலில் செய்தது சோடாக் களிம்பு. இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், இரண்டு ஸ்பூன் கூவைக்கிழங்கு மாவு, ஒரு ஸ்பூன் சோடா. வெளிநாட்டுக் குறிப்புகளில் இது வெண்ணெய் மாதிரி உறைந்து நிற்கும் என்று இருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும். நம் ஊரில் அது உறைந்து நான் பார்த்ததே அபூர்வம். அதனால் என் டப்பாவில் மேலே எண்ணெயும் அடியில் சோடாவுமாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொரு முறையும் கிளறித்தான் எடுக்க வேண்டும். சரியாகக் கிளறாத நாளில் விரலில் வருவது பெரும்பாலும் சோடாதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

முதல் பத்து நாள் அருமை. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தாலும் மணமும் இல்லை, நாற்றமும் இல்லை. பன்னிரண்டாம் நாள் லேசான அரிப்பு. புதுச் சுடிதாரின் சாயமாக இருக்கும் என்று நினைத்து அதை ஒதுக்கிவிட்டுக் களிம்பைத் தொடர்ந்தேன். பதினைந்தாம் நாள் கக்கம் செக்கச்சிவந்து, வேர்வை பட்டால் மிளகாய் தேய்த்த மாதிரி எரிந்தது.

தோல் டாக்டர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "உள்ள என்ன போடுற?" துணியின் சாயம் ஒத்துக்கொள்ளாவிட்டால், துணி உரசுகிற ஓரங்களில், மடிப்பின் விளிம்பில்தான் அதிகமாகச் சிவக்கும், நடுக்குழி பெரும்பாலும் தப்பிவிடும் என்றார். எனக்கு நேர்மாறாக நடுக்குழிதான் சிவந்திருந்தது. பூசுகிற பொருள் தேங்கும் இடம் அது. கண்ணாடி முன் நின்று யாரும் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் இந்த அடையாளத்தைச் சொல்கிறேன்.

ஏன் இத்தனை நாள் தாமதம்? ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், பி.எச். சுமார் 5. சோடாக் கரைசல் 8-க்கு மேல், அதாவது காரம். தோலின் காப்பு அடுக்கைப் பழுதுபார்க்கிற நொதிகள் அமிலச் சூழலில்தான் ஒழுங்காக வேலை செய்யும். தினமும் காரத்தைப் பூசினால் அன்றன்றைய சேதத்தை அன்றன்றே சரிசெய்ய முடியாமல் பாக்கி சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு நாள் தாங்காமல் வெடிக்கிறது. சரியாகக் கிளறாத நாளில் விரலில் வருகிற அந்தச் சோடாவின் நறநறப்பும் மடிப்புக்குள் தேய்ந்து தன் பங்கைச் சேர்க்கிறது. ஆகவே முழங்கை மடிப்பில் ஒரு தரம் தடவி, மறுநாள் ஒன்றும் ஆகவில்லை என்று தைரியமாகப் போடுவது சோடா விஷயத்தில் பயன் தராது. ஒரே இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரமாவது தடவிப் பார்க்க வேண்டும். கக்கம் எப்போதும் மூடிய, ஈரமான இடம் என்பதால் முழங்கை தாங்கியதை அது தாங்கும் என்பதும் உறுதியில்லை.

எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணி போட்டதில் பத்து நாளில் சிவப்பு அடங்கியது. கறுப்பு அடங்கவில்லை. அழற்சி ஆறிய இடத்தில் நிறமி தங்கிவிடும். மாநிறத் தோலில் அது நன்றாகவே தெரியும். எனக்கு நாலைந்து மாதம் ஆனது. அம்மா எலுமிச்சம்பழத்தோடு வந்தார். அதைத் தேய்த்தால் மறுபடி எரிந்து மறுபடி கறுக்கும். நிறமாற்றம் வெல்வெட் துணி மாதிரி தடித்து, கழுத்துப் பின்பக்கமும் சேர்ந்து இருந்தால் கதை வேறு. அதற்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், சோடாவைப் பழிக்கக் கூடாது. வட்டமாக, ஓரம் மட்டும் தூக்கலாக அரித்துப் பரவினால் அது பெரும்பாலும் படர்தாமரை. மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட்டை அதில் போட்டால் இரண்டு நாள் அடங்கி, பிறகு பெரிதாகும்.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. குற்றவாளி சோடாவா, எண்ணெயா, அந்த வாரம் நான் செய்த ஷேவிங்கா? தோல் ஆறி இரண்டு மாதம் கழித்து, வலது கக்கத்தில் எண்ணெயும் கூவைமாவும் மட்டும், இடதில் அதே கலவையோடு அரை ஸ்பூன் சோடா. ஷேவிங் கிடையாது, துணி ஒன்றே. ஐந்தாம் நாள் இடது அரித்தது. வலது பேசாமல் இருந்தது. சோடாவைப் பாதியாகக் குறைத்தும் இப்படி என்றால் எனக்கு அதோடு ஒட்டாது. தம்பி இரண்டு வருடமாகச் சோடாத்தூளை நேரடியாகத் தட்டிக்கொள்கிறான், ஒரு கொப்புளம் இல்லை. "உனக்குத் தோலு சரியில்ல அக்கா" என்கிறான். இருக்கலாம்.

அந்த வலது கக்கம் அரிக்கவில்லையே தவிர, மதியத்துக்கே நாறத் தொடங்கிவிட்டது. எண்ணெயைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. இரவில் காய்ந்த தோலுக்குத் தேங்காய்ப்பால் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய் இரண்டு சொட்டு இதம். பகலில் பூசிக்கொண்டு பஸ் ஏறினால் சட்டையில் கறை. மழைக்காலத்தில் மடிப்புக்குள் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து கிடப்பது பூஞ்சைக்கு விருந்து.

இனி படிகாரம். கோட்டாறில் நாட்டுமருந்துக் கடையில் கேட்டபோது அண்ணாச்சி திருப்பிக் கேட்டார்: "கிணத்துக்கா, ஷேவிங்குக்காம்மா?" நல்ல கேள்வி. தண்ணீர் தெளிய வைக்கப் பாளமாக விற்கிற, மங்கலான பழுப்பு வெள்ளைக் கட்டி பெரும்பாலும் வெறும் அலுமினியம் சல்பேட், தோலுக்கு வேண்டாம். சவரத்துக்கு வாங்குவது கண்ணாடி மாதிரித் தெளிந்த கட்டி. அதிலும் பொட்டாசியம் வகை, அம்மோனியம் வகை என்று இரண்டு உண்டு, பார்வைக்கு ஒன்றுபோல. ஒரு துணுக்கைப் பொடித்து, வெற்றிலைச் சுண்ணாம்போடு ஈரமாகக் குழைத்தால் அம்மோனியம் வகை குப்பென்று மூக்கில் ஏறும், மற்றது ஏறாது. கக்கத்தின் அமிலத்தில் அந்த வாடை கிளம்பாது என்பதால் இரண்டும் வேலைக்கு ஆகும். நான் பொட்டாசியம் வகையை வைத்திருக்கிறேன்.

குளித்துத் துடைத்த பிறகு கட்டியைத் தண்ணீரில் நனைத்து, ஒரு பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு, அழுத்தாமல். காய்ந்த கல்லைத் தேய்த்தால் எதுவும் ஒட்டாது. இரண்டு நிமிடம் காயவிட்டு உடுத்த வேண்டும். இல்லாவிட்டால் கறுப்பு ஜாக்கெட்டில் வெள்ளைக் கோடு விழும். ஏற்கனவே நாறுகிற கக்கத்தில் தேய்த்துப் பயனில்லை, கழுவிவிட்டுத்தான் போட வேண்டும். வேர்வையை இது நிறுத்தாது, சட்டை நனையத்தான் செய்யும்.

இதிலும் எரிச்சல் உண்டு, ஆனால் அது உடனே தெரிகிற எரிச்சல். படிகாரக் கரைசல் நல்ல அமிலம், பி.எச். 3-ஐ ஒட்டி. ஷேவ் செய்த கையோடு போட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் சுரீர் என்று இறங்கும். அதனால் ஷேவிங் முதல் நாள் இரவில், படிகாரம் மறுநாள் காலையில். அடுத்த ஆபத்து கல்லின் விளிம்பு. கீழே விழுந்து உடைந்த கட்டியின் முனை பிளேடு மாதிரி; ஈரத்துணியில் நன்றாக உருட்டித் தேய்த்து மழுக்கிய பிறகே திரும்ப எடுப்பேன். பொரித்த படிகாரத்தூள் பக்கம் போகவே வேண்டாம். நீர்ச்சத்து போன அந்தத் தூள் தோலில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சும்.

அலுமினியமே வேண்டாம் என்று படிகாரத்துக்கு வருகிறவர்கள் ஏமாறக் கூடாது. இது அலுமினிய உப்புதான். கடை டியோடரன்ட்டில் வேர்வையை அடைக்கிற அலுமினியம் குளோரோஹைட்ரேட் வேறு, இது வேறு, அவ்வளவே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். வளரும் பிள்ளைகளுக்கு நான் போட்டுப் பார்த்ததில்லை, ஆகவே சிபாரிசும் இல்லை.

இரண்டையும் சேர்த்தால் இரட்டைப் பலன் கிடைக்கும் என்று கல்லைத் தேய்த்துவிட்டு மேலே சோடா தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அமிலமும் காரமும் நுரைத்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். மிஞ்சுவது வெள்ளை வண்டல்.

படிகாரத்தின் மேல் எனக்கு ஒரே குறை, வெள்ளைச் சட்டை. சாயம் துணியில் பிடிக்கச் சாயக்காரர்கள் சேர்க்கிற அதே பொருள்தானே இது. வேர்வைக் கறையையும் அது அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்காரருக்கும் இதைப் பழக்கிய பிறகு அவருடைய வேட்டிக்குப் போடுகிற வெள்ளைச் சட்டைகளில் கைக்குழி மஞ்சளாகி விறைத்தது. சோப்பு போடுவதற்கு முன் அந்த இடத்தை வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் பாதி போகிறது. மீதிப் பாதிக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை, அவர் இப்போது இளநீலச் சட்டை வாங்குகிறார்.