வாடகை ஒப்பந்தத்துக்குத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் வாங்குறவங்க கவனிங்க

வில்லாபுரத்தில் அம்மா பேரில் எடுத்த வீட்டைக் காலி செய்யும்போது நடந்தது இது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் நாலு பக்கம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். "அதுக்கென்ன, சுருக்கமா தமிழ்ல போட்டுத் தர்றோம்" என்று புரோக்கர் ஒரு டைப்பிங் கடைக்குக் கூட்டிப் போனார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டு கடைக்காரர் ஒரு தாள் அடித்துக் கொடுத்தார். கடைசி வரியில் "படித்துப் பார்த்து ஒப்புக்கொள்கிறேன்" என்று போட்டு, அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கி, ஒரு காப்பியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான்: 18.05.2023 முதல் 11 மாதம். வாடகை 10,000. அட்வான்ஸ் 50,000. காலி செய்ய 2 மாதம் முன்பு சொல்ல வேண்டும்.

மூல ஒப்பந்தம் சொல்வது வேறு. 18.05.2023 என்பது கையெழுத்தான நாள். குடியிருப்புக் காலம் 01.06.2023-ல் தொடங்கி 30.04.2024-ல் முடிகிறது. வாடகை 9,500, பராமரிப்பு 700 தனி. இரண்டும் சேர்த்து 10,200. அட்வான்ஸ் 60,000, அதில் 10,000 கையெழுத்தன்று ரொக்கமாகக் கொடுத்தது, மீதி 50,000 வங்கி வழியாகப் போனது. காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவும் உண்டு. தமிழ்த் தாளில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

அம்மா அந்தத் தாளை நம்பி மாசாமாசம் 10,000 அனுப்பினார். வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. 17.04.2024-ல் கெடு முடியுது, சித்திரை பிறந்ததும் மாறிடலாம் என்று கணக்குப் போட்டு, திருநகரில் 18-ஆம் தேதியிலிருந்து வேறு வீடு பேசியாச்சு. பழைய வீட்டுக்கு ஏப்ரல் முழு வாடகையும் கொடுக்க வேண்டியதாயிற்று. பாதி மாசம் ரெண்டு வீட்டுக்கு வாடகை.

சாவி கொடுக்கப் போன அன்றைக்குத்தான் கூத்து. வீட்டுக்காரர் மகன் கணக்கு எழுதி வைத்திருந்தார். அட்வான்ஸ் 50,000. பெயின்டுக்கு ஒரு மாத வாடகை 10,000 கழிவு. 11 மாசமா 200 குறைச்சலா வந்த பாக்கி 2,200 கழிவு. கைக்கு 37,800. அட்வான்ஸுக்கும் வாடகைக்கும் தமிழ்த் தாள், பெயின்டுக்கும் பாக்கிக்கும் ஆங்கில ஒப்பந்தம்! எது தனக்கு லாபமோ அதைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நீங்கதான கையெழுத்துப் போட்ருக்கீங்க" என்று தாளைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

நல்ல வேளையாக மூலத்தின் ஜெராக்ஸ் எங்களிடம் இருந்தது. ரொக்கம் 10,000 பெற்றுக்கொண்டதாக அதில் வீட்டுக்காரரே கையெழுத்திட்டிருக்கிறார். அந்த ரொக்கத்துக்கு வேறு ரசீது கிடையாது. ஒப்பந்தப்படி போட்டால் 60,000-ல் 9,500-ம் 2,200-ம் போக 48,300 வர வேண்டும். 10,500 வித்தியாசம். பக்கத்துத் தெரு வக்கீல் ஒருவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் முழுசாகக் கொடுத்தார்கள்.

டைப்பிங் கடையில் போய்க் கேட்டால், "ரவுண்டா போட்டா பெரியவங்க படிக்க ஈஸியா இருக்கும்ல" என்கிறார்.

அதனால் இப்படித் தாள் எழுதி வாங்கினால், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூலத்தின் பிரிவு எண் இருக்கணும். அப்போதுதான் ஆங்கிலம் தெரிந்த யாரையாவது வைத்து ஒத்துப் பார்க்க முடியும். பிரிவு எண்களை விட்டுவிட்டுப் பார்த்தால், எங்கள் தாள் இப்படி இருந்திருக்க வேண்டும்:

"கையெழுத்தான நாள் 18 மே 2023. குடியிருப்பு 1 ஜூன் 2023 முதல் 30 ஏப்ரல் 2024 வரை. வாடகை ரூ. 9,500 (ஒன்பதாயிரத்து ஐந்நூறு), பராமரிப்பு ரூ. 700 (எழுநூறு) தனி. அட்வான்ஸ் ரூ. 60,000 (அறுபதாயிரம்): ரொக்கம் 10,000, வங்கி வழி 50,000. திருப்பித் தரும்போது ஒரு மாத வாடகை பெயின்டுக்குக் கழிக்கப்படும். காலி செய்ய 2 மாதம் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்."

மாதப் பெயரை எழுத்தில் போட்டால் 05-ஐயும் 06-ஐயும் குழப்ப வழியில்லை. தொடக்கம், முடிவு இரண்டு நாளும் வேணும். "11 மாதம்" என்று மட்டும் போட்டால் எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் சண்டை வரும். வாடகையையும் பராமரிப்பையும் கூட்டி ஒரே தொகையாக்கினால், பெயின்ட் கழிவும் அடுத்த வருஷ ஏற்றமும் அந்தப் பெரிய தொகையின் மேல் வந்து உட்காரும். கழிவு எதுவோ அது அட்வான்ஸ் வரிக்குக் கீழேயே வரணும், தாளின் மூலையில் இல்லை. எங்கள் தாளில் அந்த "எழுத்தில்" என்பதும் விட்டுப்போயிருந்தது. அம்மா வாயால்தான் சொன்னார். அதை வைத்து ஒரு மாச வாடகை கூடக் கேட்டிருக்கலாம். ஏனோ அந்தப் பக்கம் அவர்கள் போகவில்லை.

முக்கியமாக, சுருக்கத்தில் குடியிருப்பவர் கையெழுத்துப் போடவே கூடாது. போட்டுத்தான் ஆகணும் என்றால், "இது புரிதலுக்காக மட்டும், வேறுபாடு இருந்தால் மூல ஒப்பந்தமே செல்லும்" என்ற வரிக்குக் கீழே போடுங்க. திருநகர் வீட்டு ஒப்பந்தத்துக்கு அந்த வரியை அம்மாவே கேட்டு எழுத வைத்தார்.