லைசென்ஸும் மார்க் ஷீட்டும்: பர்ஸா, போட்டோவா, டிஜிலாக்கரா?

மச்சான் லைசென்ஸ் அட்டையைப் பர்ஸில் வைத்திருக்கிறார். தம்பி அதன் போட்டோவை வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறான். நான், ஆவணங்களைச் செல்போனிலேயே வைத்துக்கொள்ள அரசு நடத்தும் டிஜிலாக்கர் செயலிக்கு மாறிவிட்டேன், இப்போதைக்கு அதை விடுவதாகவும் இல்லை.

அட்டைக்குச் சார்ஜும் சிக்னலும் தேவையில்லை. பாபநாசத்தைத் தாண்டிக் காரையாறு பக்கம் போகிறவர்களுக்கு அது சிறிய விஷயமல்ல. நான் அம்பாசமுத்திரத்திலேயே ஆவணத்தைத் திறந்து, பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்கிறேன். போட்டோவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2018இல் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அசலுக்கு இணையாக ஏற்கச் சொன்னது டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆகிய செயலிகளில் காட்டப்படும் ஆவணங்களைத்தான்; கேலரியில் இருக்கும் படம் அதில் சேராது.

இதே வேறுபாடு டிஜிலாக்கருக்குள்ளும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'Issued' பகுதியில் இருப்பது, வழங்கிய துறையின் பதிவேட்டிலிருந்து நேரடியாக வந்த ஆவணம். நாமே ஸ்கேன் செய்து ஏற்றியது வேறு பகுதியில் இருக்கும். செயலிக்குள் இருந்தாலும் அது போட்டோதான். போலீஸ்காரர் கேட்கும்போது முதல் வகையைத்தான் திறந்து காட்ட வேண்டும்.

ஆனால் அந்த முதல் வகையை வரவழைப்பதில்தான் நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல், அதற்குக் காரணம் இனிஷியல். ஆதாரில் 'Murugan S', லைசென்ஸில் 'S Murugan', மார்க் ஷீட்டில் 'Murugan Sudalaimuthu' என்று ஒரே ஆள் மூன்று விதமாக இருந்தால், செயலி ஆதார்ப் பெயரோடு ஒப்பிட்டுவிட்டு, பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்திவிடும். சிறிய வேறுபாடு சில சமயம் கடந்துவிடும். தகப்பனார் பெயர் விரிந்து நிற்கும் இடத்தில் பெரும்பாலும் கடக்காது. உடனே ஆதார் மையத்துக்கு ஓடிப்போய் லைசென்ஸில் உள்ளபடி பெயரை மாற்றிவிடக் கூடாது, ஏனென்றால் ஆதாரில் பெயர் திருத்தம் பொதுவாக வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதிக்கப்படும். திருத்துவதற்கு மிகக் கடினமான ஆவணம் எதுவோ அதை முதலில் அளவாக வைக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டே அது. அதில் உள்ளபடி ஆதாரைத் திருத்தி, பிறகு ஆதாரின்படி ஆர்டிஓ பதிவில் லைசென்ஸைத் திருத்தினால் மூன்றும் ஒரே பெயருக்கு வந்துவிடும். ஆதாரோடு இணைத்த செல்போன் எண்ணையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். கணக்குத் தொடங்கும்போது ஓடிபி அங்கேதான் வரும்.

பட்டச் சான்றிதழில் எனக்கு அனுபவம் குறைவு. மகளின் மார்க் ஷீட்டை வைத்துச் சொல்வதானால், பிடிஎஃப் ஆக அனுப்பும்போது டிஜிட்டல் கையொப்பம் கோப்போடு போகிறது, பிரின்ட் எடுத்தால் வெறும் காகிதம்தான் மிஞ்சுகிறது. கல்லூரியில் சேரும்போது அசலையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதனால் மார்க் ஷீட் அசல்கள் பீரோவில்தான் இருக்கின்றன. லைசென்ஸ் அட்டையை மட்டும் இப்போது வெளியே கொண்டுபோவதில்லை.