வி.டி.ஆர்.எல்.லா, டி.பி.எச்.ஏ.வா?

அம்பாசமுத்திரம் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர். பிறப்புறுப்பில் வலியில்லாத புண் வந்த முதல் வாரமே, பால்வினை நோயான சிபிலிஸுக்கு எடுக்கும் வி.டி.ஆர்.எல். ரத்தச் சோதனை எடுத்தார், நெகட்டிவ். புண்ணும் தானாக ஆறியது. இரண்டு மாதம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத சிவந்த தடிப்பு. இப்போது அதே சோதனையில் 1:64, அதாவது ரத்தநீரை 64 மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ்.

வி.டி.ஆர்.எல். சிபிலிஸ் கிருமியைத் தேடுவதில்லை. திசு சேதத்தால் எழும் எதிர்பொருளை அளக்கிறது. அதனால் முதல் கட்டத்தில் பிந்தும், இரண்டாம் கட்டத்தில் உச்சம் தொடும். அறிகுறியே இல்லாத மறைவுக் கட்டத்திலும், பல வருடம் கழித்து இதயத்தைத் தாக்கும் கடைசிக் கட்டத்திலும் மருந்தில்லாமலே இறங்கிவிடலாம். கர்ப்பத்திலும் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயிலும் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவதுண்டு. டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு ரத்தச் சோதனை இந்தக் கிருமிக்கான எதிர்பொருளையே பார்க்கிறது. உறுதிப்படுத்த நான் நம்புவது இதைத்தான்.

அவருக்கு அதுவும் பாசிட்டிவ். பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை போட்டார்கள். ஆறு மாதத்தில் வி.டி.ஆர்.எல். 1:8. நான்கு மடங்கு குறைந்தாலே மருந்து கேட்டிருக்கிறது என்று அர்த்தம். டி.பி.எச்.ஏ. மட்டும் இறங்கவில்லை.

“இன்னும் இருக்குல்லா, அண்ணாச்சி?” என்று ரிப்போர்ட்டை நீட்டினார். கை நடுங்கியது. நோய் குணமானாலும் டி.பி.எச்.ஏ. பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே நிற்கும். குணமானதைப் பார்க்க வி.டி.ஆர்.எல். அளவை மட்டும், அதே லேபில் எடுத்தால் போதும்.