கூரையா, காரா, கழிவுக்குளமா: ஒரு சார்ஜ்மேனின் கணக்கு

ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் சார்ஜ்மேனாக இருந்தேன். கையில் எரிசக்தி ஆணையத்தின் A0 சான்றிதழ், அதாவது குறைந்த அழுத்த மின்சாரம் வரை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே மாதத்தில் மூன்று வேலைகள் என்னைத் தேடி வந்தன. மச்சான் சோலார் குத்தகைக் குழுவில் சேரச் சொன்னார். தெலுக் இந்தானில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி, மின்கார் வேலையைச் சேர்ந்து செய்யலாம் என்றான். மூன்றாவது, பக்கத்து ஆலையின் கழிவுக்குளத்தில் எரிவாயு பிடித்து மின்சாரம் செய்யும் பயோகேஸ் நிலையம். நான் போனது அந்த மூன்றாவதற்கு. குளத்து நாற்றத்தை நம்பிப் போகிறாயே என்று வீட்டில் கேட்டார்கள்.

தம்பியின் பட்டறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே நான் வேலை செய்ததில்லை, பக்கத்தில் நின்று பார்த்ததுதான். மின்காரிலும் பிரேக், சஸ்பென்ஷன், டயர், ஏர்கான் எல்லாம் அப்படியே இருப்பதால் மெக்கானிக்கின் பழைய கைவேலையில் பாதி அங்கே செல்லும். செல்லாதது என்ஜின். அதற்குப் பதிலாக ஆரஞ்சு நிறக் கேபிள்களில் நானூறு வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரம் ஓடும். சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் கன்டென்சர் வடிய, தயாரிப்பாளர் சொன்ன நிமிடங்கள் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ரப்பர் கையுறையைச் சுருட்டிக் காற்றை அடைத்து ஓட்டை பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு, அவனுக்குப் புதிது. ஆனால் எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு நாளில் எத்தனை மின்கார் போகிறது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். போகிறவையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை விற்றவரின் சர்வீஸ் மையத்துக்குத்தான் போகும். கிள்ளானில் இருந்திருந்தால் ஒருவேளை வேறு முடிவு எடுத்திருப்பேன்.

சோலார் அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. சார்ஜ்மேன், வயர்மேன் இருவருக்கும் அது சொந்த வீடு மாதிரி. புதிதாகக் கற்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: நேர்மின்சாரத்தின் குணம். மாறுமின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. நேர்மின்சாரத்துக்கு அந்த இடைவெளியே இல்லை. மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு கனெக்டரைப் பிடுங்கினால் தீ இழுத்துக்கொண்டே வரும். வெயில் இருக்கும்வரை தகட்டை யாரும் அணைக்கவும் முடியாது.

மச்சானோடு இரண்டு வாரம் போய்ப் பார்த்தேன். ஒரு கடைக்கூரையில் மழை பெய்த மறுநாள் காலையில் இன்வெர்ட்டர் கிளம்ப மறுக்கும், காப்பு எதிர்ப்பு குறைவு என்று காட்டும், பத்து மணிக்கு மேல் ஈரம் காய்ந்ததும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். மச்சான் வேறு நாளில் வராமல் மழை விட்ட காலையிலேயே போனார். பதினாறு தகடுகள் கொண்ட ஒரு வரிசையை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்து, இரு முனைக்கும் இடையே அளந்தார்: 640 வோல்ட். நேர்முனைக்கும் பூமிக்கும் 160, எதிர்முனைக்கும் பூமிக்கும் 480. ஒரு தகட்டுக்கு நாற்பது வோல்ட். ஆக நேர்முனையிலிருந்து நான்கு தகடுகள் தள்ளி, நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில்தான் கசிவு. ஏறிப் பார்த்தால் அங்கே வெவ்வேறு நிறுவனங்கள் செய்த ஆண், பெண் கனெக்டர்களை வலிந்து கோத்திருந்தார்கள், உள்ளே தண்ணீர். கூரையெல்லாம் பிரிக்காமல் ஒரு மீட்டரால் இடத்தைச் சொன்னது அழகான வேலை. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் அந்தக் கனெக்டரை மாற்றியதும் அடுத்து அந்தக் கூரையில் யாருக்கும் வேலை இல்லை. அசையும் பாகம் கிடையாது, தூசியை நம் ஊர் மழையே கழுவிவிடும். சோலாரில் கூலி வருவது பொருத்தும்போது. பொருத்துவது திட்டங்களைப் பொறுத்தது. கூரை சோலாருக்கான NEM 3.0 திட்டம் 2025 ஜூன் 30-இல் முடிந்தது, அடுத்த திட்டமான சோலார் ATAP 2026 ஜனவரியில்தான் தொடங்கியது. இடைப்பட்ட ஆறு மாதம் மச்சானின் குழுவில் நான்கு பேர் ஏர்கான் பொருத்தப் போனார்கள்.

வேலை தேடுகிறவனுக்கு நல்ல இயந்திரம் எது என்பதில் எனக்கு மற்றவர்களோடு ஒத்துப்போகாத கருத்து ஒன்று உண்டு. முதலாளிக்கு நல்லது பழுதாகாத இயந்திரம். நமக்கு நல்லது தினமும் கவனம் கேட்கிற இயந்திரம். என் முடிவுக்கு வேறு காரணம் இல்லை. பயோகேஸ் நிலையத்தைப் போலத் தொல்லை கொடுப்பதை நான் பார்த்ததில்லை.

கணக்கு இது. எங்கள் ஆலை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 டன் பழக்குலை அரைக்கிறது. டன்னுக்கு முக்கால் கனமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கழிவுநீர் வரும், மொத்தம் சுமார் 390 கனமீட்டர். ஒரு கனமீட்டர் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 28 கனமீட்டர் வாயு கிடைக்கும், அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் மீதேன். அத்தனையும் சேர்ந்தால் ஒரு மெகாவாட் என்ஜின் இரவும் பகலும் ஓடப் போதும். மூடாத குளமாக விட்டிருந்தால் அவ்வளவும் வானத்துக்குப் போயிருக்கும். பழ நார், கொட்டை ஓடு எரித்து ஆவி எடுக்கும் கொதிகலன் நம் ஆலைகளில் பல தலைமுறையாக இருக்கிறது. பசுமை என்ற பெயர் வருவதற்கு முன்பே நாம் அந்த வேலையில்தான் இருந்தோம்.

கழிவுநீரிலிருந்து வாயு உருவாகும் மூடிய தொட்டிக்குள் இரண்டு கூட்டம் பாக்டீரியா. ஒன்று கழிவைப் புளிக்கவைத்து அமிலமாக்கும், வேகமாகப் பெருகும். மற்றது அந்த அமிலத்தைத் தின்று மீதேன் தரும், மெதுவாகவே பெருகும். கழிவுநீர்தான் அவற்றுக்குத் தீனி. அதைத் திடீரென்று கூட்டினால் முதல் கூட்டம் ஓடிவிடும், இரண்டாவது பின்தங்கிவிடும், தொட்டி வெயிலில் மறந்துவிட்ட மாவு போலப் புளித்துப்போகும்.

நான் சேர்ந்த ஆண்டின் உச்சப் பருவத்தில் அதுதான் நடந்தது. பழம் குவிந்தது, ஆலை கூடுதல் நேரம் ஓடியது, தீனி மூன்றே நாளில் 390-இலிருந்து 520 கனமீட்டருக்கு ஏறியது. புதிதாகப் படித்து வந்த இளைஞர் தினமும் pH மட்டும் பார்த்து, 7.1 இருக்கிறது, கவலை இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தார். கொதிகலன் பக்கத்திலிருந்து எங்களிடம் மாற்றலாகி வந்த பெரியவர் ஒருவர் அதை நம்பவில்லை. முப்பது ஆண்டுகள் கொதிகலன் தண்ணீரில் காரத்தன்மை பார்த்தவர் அவர், பியூரெட்டைப் பிடித்தால் கை நடுங்காது. இங்கும் அதே சோதனைதான்: மாதிரியில் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு pH 5.0 வரை எவ்வளவு போயிற்று, அங்கிருந்து 4.4 வரை எவ்வளவு போயிற்று என்று பார்த்து, அமிலத்துக்கும் காரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட வேண்டும். எங்களுக்கு 0.3-க்குள் இருந்தால் நிம்மதி. அன்று 0.46.

“தம்பி, காரம் தீர்கிறவரை pH அசையாது. அது அசையும்போது தொட்டி ஏற்கெனவே படுத்திருக்கும்” என்றார் பெரியவர். மீதேன் அளவுமானியைப் பார்த்தோம், 62 சதவீதம் 55-க்கு இறங்கியிருந்தது. தீனியைப் பாதியாகக் குறைத்து, மிச்சத்தைப் பழைய குளத்துக்குத் திருப்பினோம். படிவுத் தொட்டியின் அடிச்சேற்றைத் திரும்ப உள்ளே அனுப்பி, மெதுவான கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டினோம். என்ஜினைப் பாதிச் சுமையில் ஓட்டினோம். விகிதம் 0.3-க்குக் கீழே வர பதின்மூன்று நாள் ஆயிற்று. pH-ஐ நம்பி இன்னும் நான்கு நாள் தீனி போட்டிருந்தால் இரண்டு மாதம் வாயு இல்லாமல் உட்கார்ந்திருப்போம் என்பது பெரியவரின் கணிப்பு. அவர் பள்ளியில் மூன்றாம் படிவம்வரை படித்தவர்.

என் பங்கு வேறு. இந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டு, எங்கள் தொட்டியில் பத்து லட்சத்தில் இரண்டாயிரம் பங்கு அளவில். பாக்டீரியா வளர்க்கும் கழுவுகோபுரம் அதை இருநூறுக்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் என்ஜினுக்கு விடுகிறோம். கோபுரத்துக்குக் கொஞ்சம் காற்று வேண்டும். குறைந்தால் பாக்டீரியா வேலை செய்யாது. அதிகமானால் மீதேனோடு ஆக்சிஜன் கலந்து ஆபத்து. உள்ளே கந்தகம் மஞ்சள் களிம்பாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் முதலில் தெரிவது கோபுரத்தின் இரு முனை அழுத்த வேறுபாடு, பிறகு என்ஜின் எண்ணெய் சீக்கிரம் அமிலமாவது.

மூன்றாவது அடையாளம் சார்ஜ்மேன் கண்ணுக்கு மட்டும் படும். கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் புதிதாகப் போட்ட செம்பு லக்குகள் கறுத்திருக்கும், ரிலேயின் வெள்ளித் தொடுமுனைகளில் கரி பூசியது போல இருக்கும். காரணமில்லாமல் என்ஜின் நின்ற ஒரு மாதத்தில், மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நடுவே நான் ஒரு ரிலேயைக் கழற்றி மேசையில் வைத்தேன். பெட்டி அறையின் கதவு ரப்பர் கிழிந்து, கோபுரத்துக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. பழைய ஆலையில் எண்ணெய்ப் புகைக்குப் பெட்டியைத் துடைத்த பழக்கம்தான் அதைக் காட்டியது.

இந்த வாயு ஆளையும் கொல்லும். அழுகிய முட்டை வாடை வருகிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூடாது. நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துவிடும், வாடை நின்றுவிடும். சட்டையில் மாட்டும் வாயு எச்சரிப்பான் இல்லாமல் நான் தொட்டிப் பக்கம் போவதில்லை. ஆகவே இந்த வேலைக்கு வருகிறவர் முதலில் எடுக்க வேண்டியது அடைபட்ட இடங்களுக்கான நுழைவு அனுமதிப் பயிற்சியும், முடிந்தால் வாயு சோதகர் சான்றிதழும். மின்சாரம் தெரிந்தவரைவிட இவை உள்ளவரை நிலையங்கள் முதலில் கூப்பிடுகின்றன, எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்தவரை.

சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மச்சான் சொன்னதைவிட எனக்கு முந்நூறு வெள்ளி அதிகம், ஆனால் ஷிஃப்ட் உண்டு, தீபாவளி இரவிலும் தொட்டிக்குத் தீனி போட வேண்டும். மச்சானின் கை எந்த ஊர்க் கூரையிலும் செல்லும். என் கைக்கு ஆலை உள்ள ஊர்தான் வேண்டும்.

அடுத்து, இந்த வேலை எத்தனை நாளைக்கு என்ற விஷயம். பயோகேஸ் மின்சாரத்துக்கான கட்டண ஒப்பந்தம் பதினாறு ஆண்டு. எங்கள் நிலையத்துக்கு இன்னும் ஒன்பது ஆண்டு மீதம், அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு. அதற்குப் பிறகு வாயுவைக் கொதிகலனில் எரிப்பார்களா, சுத்திகரித்து அழுத்தி லாரியில் விற்பார்களா என்று முதலாளிதான் முடிவு செய்வார். எதைச் செய்தாலும் தொட்டி புளிக்கும், கோபுரம் அடைக்கும். பெரியவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அதற்குள் பியூரெட் வேலையைக் கற்றுக்கொள்கிறேன், வாரத்தில் இரண்டு மாலை.