அமிர்தி ஓடைக்கரைப் பட்டாம்பூச்சிகள்: தாகமா, உப்பா, புரதமா?

வேலூரிலிருந்து அமிர்திக்குப் போனால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓடை இருக்கிறது. மழை ஓய்ந்து நாலைந்து நாள் வெயில் காய்ந்த பிறகு அதன் கரையில் நடந்தால், ஈர மணலில் கொன்னை வெள்ளையன்கள் இறக்கையை மூடிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். காலடி பட்டதும் மொத்தமாக எழும்பி, ஒரு நிமிஷத்தில் அதே இடத்துக்குத் திரும்பும். போன முறை கூட வந்த மாமா பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "வேலூர் வெயிலுக்கு நமக்கே நாக்கு வறளுது, அதுக்கு வறளாதா?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டாம்பூச்சிகள் ஏன் ஈர மணலில் கூடுகின்றன என்ற கேள்விக்குப் போட்டி போடும் விடைகள் மூன்று: தாகம், உப்பு, புரதம். எது எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்த்துவிடலாம்.

தாகக் கட்சிக்கு முதல் இடைஞ்சல் இடத்தேர்வு. இரண்டடி தள்ளி தெளிந்த தண்ணீர் ஓட, இவை சேற்றில் உட்காருகின்றன. "ஓடுற தண்ணியில உட்கார்ந்தா இறக்கை நனைஞ்சு அடிச்சிட்டுப் போயிடும்" என்று மாமா பதில் வைத்திருந்தார். அது சரியான பதில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரை முழுக்க ஈரம் இருந்தும் மாடு கடந்து போன தடத்திலும், யாரோ சிறுநீர் கழித்த இடத்திலும் மட்டும் கூட்டம் கட்டுகிறதே, அதற்கு அந்தப் பதில் போதாது.

இரண்டாவது இடைஞ்சல், வந்திருப்பவை யார் என்பது. சேற்றுக் கூட்டத்தில் பெரும்பாலானவை ஆண்கள், அதிலும் இளசுகள். கறிவேப்பிலை அழகியை வைத்து நீங்களே சோதிக்கலாம். ஆண், கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். பெண்களில் பல சிவப்புத் திட்டுகளோடு வேறொரு வகையைப் போல வேஷம் போட்டிருக்கும். சேற்றில் எண்ணிப் பாருங்கள், பட்டை போட்டதுதான் மிகுதி. வெயில் ஆணுக்கு மட்டுமா அடிக்கிறது?

மூன்றாவதுதான் தாகக் கட்சியைக் கவிழ்க்கிறது. உட்கார்ந்திருக்கும் ஒன்றின் அருகே மெதுவாகக் குந்தி, வயிற்றின் நுனியைக் கவனியுங்கள். சிறிது நேரத்துக்கு ஒரு தடவை அங்கிருந்து ஒரு சொட்டு தெறிக்கும். முன்னால் உறிஞ்சுவதைப் பின்னால் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தாகத்துக்குக் குடிப்பவர் இப்படிச் செய்ய மாட்டார். தண்ணீரை வடிகட்டி, அதிலிருந்து எதையோ எடுத்துக்கொள்பவர்தான் செய்வார்.

அந்த 'எதையோ' என்னவென்று முதலில் தெளிவாகச் சோதித்தது 1974-இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஆர்ம்ஸ், ஃபீனி, லெடர்ஹவுஸ் மூவரும். தட்டுகளில் மணல் பரப்பி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு கரைசலால் நனைத்து, அழகிக் குடும்பத்தைச் சேர்ந்த அவ்வூர் வண்ணத்துப்பூச்சிகள் எதில் உட்கார்ந்து உறிஞ்சுகின்றன என்று பார்த்தார்கள். அவற்றை இழுத்தது சோடியம், அதாவது நம் சமையல் உப்பில் இருக்கும் இரண்டு தனிமங்களில் ஒன்று.

ஏன் சோடியம்? புழுப்பருவம் முழுக்கத் தின்பது இலை. இலையில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் மிகக் குறைவு. பிறகு குடிக்கும் தேனிலும் அது சொற்பம்தான். ஆனால் நரம்பும் பறக்கும் தசையும் வேலை செய்யச் சோடியம் வேண்டும். புல் மட்டும் மேயும் மாட்டுக்கு உப்புக்கட்டி வைக்கிறோமே, அதே கணக்குதான்.

ஆண் ஏன் அலைகிறது என்பதற்கும் இந்தக் கட்சியிடம் விடை இருக்கிறது. 1995, 1996-இல் ஸ்மெட்லியும் ஐஸ்னரும் ஓர் அந்துப்பூச்சியை ஆராய்ந்தார்கள். அதன் ஆண் ஒரே அமர்வில் தன் உடல் எடையைப்போல் 600 மடங்குக்கு மேல் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே பீய்ச்சக்கூடியது. அப்படிச் சேர்த்த சோடியத்தை இணையும்போது பெண்ணுக்குக் கொடுக்கிறது. பெண் அதை முட்டைகளில் வைக்கிறது. புழு பிறக்கும்போதே உப்புக் கையிருப்போடு பிறக்கிறது. சீர் கொண்டுபோகும் மாப்பிள்ளை என்று மாமா சொன்னார். இந்த உவமையில் அவரை மிஞ்ச முடியவில்லை.

இத்தோடு உப்புக்கே வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் அழுகிய மீன், செத்த நண்டு, சாணம் இவற்றிலும் கூட்டம் கூடுவதைப் பார்த்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அங்கேதான் புரதக் கட்சி எழுகிறது. இலையிலும் தேனிலும் புரதத்துக்கு வேண்டிய நைட்ரஜனுக்கும் பஞ்சம்தானே என்பது அதன் வாதம். போர்னியோ தீவில் பெக், மூலன்பெர்க், ஃபீட்லர் ஆகியோர் நடத்தி 1999-இல் வெளியிட்ட சோதனையில், முட்டை வெள்ளைக்கருவில் இருப்பது போன்ற ஆல்புமின் புரதக் கரைசலுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. ஆனால் எல்லாரிடமும் இல்லை. அழகிகளும் வெள்ளையன், மஞ்சள் வகைகளும் உப்புப் பக்கம் சாய்ந்தன. புரதத்தைத் தேடியவை வேறு குடும்பங்கள். ஆகவே 'பட்டாம்பூச்சி எதற்கு வருகிறது' என்று மொத்தமாகக் கேட்பதே தப்பு, 'எந்தப் பட்டாம்பூச்சி' என்று கேட்க வேண்டும். அமிர்தியில் நான் பார்க்கும் கூட்டத்தில் வெள்ளையன்களும் அழகிகளுமே அதிகம், மணலிலும் அழுகிய மீனோ நண்டோ இல்லை. அதனால் அங்கே என் ஓட்டு உப்புக்கு. செத்த நண்டின் மேல் வேறொரு வகை உட்கார்ந்திருந்தால் ஓட்டை மாற்றிப் போடுவேன்.

வீட்டுத் தோட்டத்திலேயே இதைச் சோதிக்கலாம். ஒரே மாதிரி மூன்று தட்டில் கழுவிய ஆற்று மணல். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்ட தண்ணீர், ஒன்றில் மீன் கழுவிய தண்ணீர். நான்கடி இடைவெளி விட்டு வெயில் படும் இடத்தில் வையுங்கள்.

தப்பு நடப்பது எண்ணும்போது. முதல் பூச்சி உட்கார்ந்ததும், மற்றவை மணலைப் பார்த்து வருவதில்லை, அதைப் பார்த்து வருகின்றன. மஞ்சள் காகிதத்தை இறக்கை போல வெட்டி ஈர மணலில் குத்திவைத்தாலே மஞ்சள் பூச்சிகள் இறங்கிப் பார்க்கும். அதனால்தான் கூட்டத்தில் ஒரே நிறத்தவை ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பத்து பேர் இருக்கும் இடத்தில் கரிச்சானோ ஓணானோ நம்மைப் பிடிக்கும் வாய்ப்புக் குறைவு என்ற இலாபமும் உண்டு. ஆக, கூட்டத்தின் பருமன் உப்பின் அளவைக் காட்டாது. தலைகளை எண்ணாமல், ஆள் இல்லாத தட்டில் முதலில் வந்து, உறிஞ்சுகுழலை நீட்டி நிலைத்தவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் பூச்சிகளைக் கலைத்துத் தட்டுகளை இடம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் நிழலும் காற்றும் ஓட்டுப் போட்டுவிடும்.

இன்னொன்று: நம் ஊர் வெயிலில் தட்டு சீக்கிரம் வற்றும், உப்பு மட்டும் தங்கிக் கரைசல் கெட்டியாகும். மணலின் மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காமல், தட்டைக் கழுவிப் புதிதாக நனையுங்கள். மீன் தட்டுக்கு எறும்பு வந்துவிடும், தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்குள் வைத்தால் சமாளிக்கலாம்.

மாமாவிடம் தட்டு வேலைக்குப் பொறுமை இல்லை. அவர் ஓடைக்கரையில் குந்தி அந்தச் சொட்டு தெறிப்பதைப் பார்த்துவிட்டு, "குடிச்சதை அப்படியே வெளிய விடுதேடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வந்த வழியில் மாடு கடந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கப் போனார்.