திறந்த ரெடி மீல் பவுச், மிச்சம் ஃப்ரிட்ஜ்ல எத்தனை நாள் தாங்கும்: என் மூணு வருஷ அனுபவம்

மூணு வருஷமா ராத்திரி சாப்பாடு பாதி நாள் இந்த ரெடி மீல் பவுச்தான். தனியா இருக்கேன், வேலை முடிஞ்சு வீடு வர எட்டு எட்டரை ஆயிடும், அதுக்கு மேல சமைக்க தெம்பு இருக்காது. ருசி எப்படி, உப்பு எப்படின்னு நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் அதுக்குள்ள போகல. மிஞ்சுற பாதியைப் பத்திதான் இது. நான் வாங்குறது 300 கிராம் பாக்கெட், எனக்கு ஒரு வேளைக்கு 150 கிராமே தாராளம், அதனால வாரத்துக்கு மூணு தடவையாவது அந்த மிச்சத்தை என்ன பண்றதுன்னு கேள்வி வந்துடும்.

ஆரம்பத்துல நான் பண்ண தப்பு என்னன்னா, பாக்கெட் மேல போட்டிருக்கிற தேதியை நம்பினது. இன்னும் ஒரு வருஷம் இருக்கே, ஃப்ரிட்ஜ்லயும் வெச்சாச்சு, நாலஞ்சு நாள்ல என்ன ஆயிடப்போகுதுன்னு நினைச்சேன். அந்தத் தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு மட்டும்தான். சாப்பாட்டை உள்ள போட்டு சீல் பண்ணிட்டு, பிரஷர்ல சுமார் 120 டிகிரி வரைக்கும் சூடு ஏத்துவாங்க, நம்ம குக்கர் மாதிரியே ஆனா இன்னும் கணக்கா. உள்ள இருக்கிற கிருமி, அதோட விதை மாதிரி இருக்கிற ஸ்போர் எல்லாம் அதுலயே போயிடும், அப்புறம் காத்து கூட நுழையாததால அலமாரில மாசக்கணக்கா நிக்குது. மருந்து போட்டதால கெடாம இருக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, பெரும்பாலும் காரணம் அந்தச் சூடும் சீலும்தான். அப்ப கத்தரிக்கோல் பட்ட அந்த நிமிஷமே அந்தப் பாதுகாப்பு முடிஞ்சுது, இனிமே அது இப்ப வீட்டுல சமைச்ச குழம்பு மாதிரிதான்.

முதல் வருஷம் ஒரு தடவை நல்லா பட்டேன். சாதம் பவுச் ஒண்ணை மதியமே சூடு பண்ணி பாதி சாப்பிட்டுட்டு, மீதியை அப்படியே மேஜை மேல விட்டுட்டேன், வேலை மும்முரத்துல மறந்தே போச்சு, ராத்திரி ஒன்பது மணிக்குதான் பார்த்தேன். வாசனை நல்லாதான் இருந்துது, சரி கொதிக்கக் கொதிக்க சூடு பண்ணிட்டா ஆச்சுன்னு ஆவி பறக்க சூடு பண்ணி சாப்பிட்டேன். மூணு மணி நேரத்துல வாந்தி ஆரம்பிச்சுது, விடியற வரைக்கும் விடல. பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி, தூசி மண்ணு எல்லாத்துலயும் இருக்கும், சாதம் மாதிரி மாவுப் பொருள்ல வெளில வெச்சா வேகமா பெருகும், பெருகும்போது ஒரு நஞ்சை விடும். சூடு பண்ணா கிருமி சாகும், ஆனா அந்த நஞ்சு அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அசையாது. சாப்பிட்டு அரை மணிலேர்ந்து ஆறு மணி நேரத்துக்குள்ள வாந்தி வர்றதுதான் அதோட அடையாளம், எனக்கு நடந்தது அச்சு அசல் அதே மாதிரிதான் இருந்துது. வாசனையும் உதவாது, ஏன்னா நாத்தம் வரவைக்கிற கிருமி வேற, உடம்பைப் படுத்துற கிருமி வேற. அன்னிலேர்ந்து வெளில ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்தா, வெயில் காலத்துல 32 டிகிரிக்கு மேல போற நாள்ல ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்தா, யோசிக்காம குப்பைலதான்.

இப்ப நான் செய்யற முறை இதுதான், இதுல ஒரு விஷயம்தான் எல்லாத்தையும் மாத்திச்சு: சூடு பண்றதுக்கு முன்னாடியே ரெண்டு பங்கா பிரிச்சுடறது. முன்னல்லாம் முழுசா சூடு பண்ணி, தட்டுல கொட்டி, சாப்பிட்டு மிஞ்சினதை எடுத்து வைப்பேன். அப்ப வாய் வெச்ச ஸ்பூன் அதுல பட்டிருக்கும், சாப்பாடும் வெதுவெதுன்னு இருக்கும், கிருமிக்கு அதை விட சௌகரியம் வேற இல்ல. அப்படி எடுத்து வெச்ச கெட்டி கிரேவி மறுநாள் தண்ணியா நீர்த்துப் போயிருக்கறதைப் பார்த்திருப்பீங்க, பல நேரம் அது எச்சில் வேலை, எச்சில்ல இருக்கிற என்ஸைம் மாவுப் பசையை உடைச்சுடுது. இப்போ பிரிச்ச உடனே கழுவித் துடைச்ச காஞ்ச ஸ்பூனால பாதியை மூடி போட்ட டப்பால எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுதான் மறு பாதியைச் சூடு பண்றேன். பவுச்சுலயே மடிச்சு கிளிப் போட்டு வைக்கறதை விட்டுட்டேன். வாய் ஓரத்துல ஒட்டின குழம்பு அங்கயே நிக்கும், மூடவும் சரியா மூடாது, எடுக்கும்போது கை படும். டப்பாவும் அகலமா தட்டையா இருந்தாதான் உள்ள வரைக்கும் சீக்கிரம் குளிரும்.

அடுத்தது ஃப்ரிட்ஜ். என் ஃப்ரிட்ஜ் நல்ல ஜில்லுன்னுதான் இருக்குன்னு நம்பிட்டு இருந்தேன். ஒரு தெர்மாமீட்டரை தண்ணி டம்ளர்ல போட்டு ஒரு ராத்திரி கதவுத் தட்டுல வெச்சுப் பார்த்தா 9 டிகிரி. அதையே உள்ள பின் பக்கம் வெச்சா 4. நான் இத்தனை நாளா மிச்சத்தை வெச்சது அந்தக் கதவுலதான்! 4 டிகிரியோ அதுக்குக் கீழயோ இருந்தாதான் நாள் கணக்கே செல்லும், அதனால டப்பா இப்ப பின் பக்கம்தான்.

நாள் கணக்குக்கு வருவோம். முதல்ல பாக்கெட் பின்னாடி பொடி எழுத்துல திறந்த பிறகு இத்தனை நாள்னு போட்டிருக்கும், சிலதுல ஒரு நாள், சிலதுல ரெண்டு மூணு நாள், அதுதான் முதல் சட்டம். ஒண்ணுமே போடலன்னா நான் குழம்பு, பருப்பு, பீன்ஸ் வகைக்கு ரெண்டு நாள் வெச்சுக்கறேன். அமெரிக்க வேளாண் துறை மிஞ்சின சாப்பாட்டுக்கு 3 முதல் 4 நாள் சொல்லுது, பிரிட்டன்ல ரெண்டு நாள்னு சொல்றாங்க, சாதத்துக்கு மட்டும் ஒரு நாள்தான். நானும் சாதத்துக்கு மறுநாளோட சரி. வீட்டுல கர்ப்பிணியோ வயசானவங்களோ இருந்தா குறைஞ்ச கணக்கையே எடுத்துக்கோங்க, லிஸ்டீரியான்னு ஒரு கிருமி ஃப்ரிட்ஜ் குளிர்லயும் மெதுவா வளரும்.

போன வாரம் நடந்ததையே சொல்றேன். திங்கள் ராத்திரி எட்டரைக்கு ஒரு பருப்புக் கிரேவி பிரிச்சேன், பாதி டப்பாவுக்குப் போச்சு, மூடி மேல டேப் ஒட்டி 'திங்கள் 8.30'ன்னு எழுதினேன். செவ்வாய் வெளில சாப்பிட்டேன். புதன் ராத்திரி எட்டு மணிக்கு எடுத்தேன், ரெண்டு நாள் முடிய அரை மணி இருக்கு. மேல எண்ணெய் உறைஞ்சு வெள்ளையா இருந்துது, ஓரத்துல கொஞ்சம் தண்ணி பிரிஞ்சிருந்துது. இது ரெண்டும் குளிர்ல சகஜம், எச்சில் படாட்டியும் ஓரத்துல கொஞ்சம் தண்ணி விடத்தான் செய்யும், சாதம் விறைச்சுப் போறதும் அப்படித்தான், கெட்டுப்போனது இல்ல. நூல் மாதிரி இழுத்தாலோ, நுரைச்சாலோ, மூடி உப்பியிருந்தாலோ நாக்குல கூட வைக்க மாட்டேன். கிளறிக் கிளறி சூடு பண்ணேன், மைக்ரோவேவ்ல ஓரம் கொதிக்கும் நடுவுல ஜில்லுன்னு இருக்கும், நடுவுல 74 டிகிரி வரணும். சூடு பண்ணதுல மிஞ்சினா திரும்ப உள்ள போகாது.

ரெண்டு நாள்ல சாப்பிட மாட்டேன்னு முன்னாடியே தெரிஞ்சா பிரிச்ச அன்னிக்கே ஃப்ரீசருக்குப் போயிடும். ரெண்டாவது நாள் ராத்திரி பதறிப் போய் ஃப்ரீசர்ல வைக்கறதுல பிரயோஜனம் இல்ல, அதுவரைக்கும் வளர்ந்த கிருமி அப்படியே தூங்கும், சாகாது. எடுக்கும்போது முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுக்கு மாத்தி, இளகினதும் அன்னிக்கே சாப்பிட்டுடறேன். பருப்பு, பீன்ஸ் அருமையா திரும்புது. உருளைக்கிழங்கு மட்டும் மணல் மாதிரி ஆயிடுது, அதனால கிழங்கு போட்ட பாக்கெட்டைப் பிரிச்சா மறுநாளே முடிச்சுடறேன்.