பிரஷ்ஷா, மவுத்வாஷா?

கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருந்தால், அது பாக்டீரியாக்கள் தாமே சுரந்த பசைக்குள் அடுக்கடுக்காகக் குடியிருக்கும் படலம். மவுத்வாஷ் மேலடுக்கில் உள்ளவற்றைக் கொல்லும். பசையைத் தாண்டி ஆழத்துக்குப் போவது குறைவு. செத்தவையும் பல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அவற்றின் மீதும் படிந்து, சில நாட்களிலேயே காரை கட்டத் தொடங்கும். எச்சில் சுரப்பி அருகிலேயே திறப்பதால் இந்த இடத்தில் காரை அதிகம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷைத் தொடர்ந்து கொப்பளித்தால் கறையோடு காரையும் கூடலாம்.

பிரஷ் கொல்வதில்லை, படலத்தையே பெயர்த்தெடுக்கிறது. ஈறோரமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், பல்லிடுக்குக்கு நூல்தான். இறுகிய காரையிடம் பிரஷ்ஷும் தோற்கும், பல் மருத்துவர் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் துலக்க முடியாத நாட்களில் மட்டும் என் ஓட்டு மவுத்வாஷுக்கு.